ஏழு குறி, ஐந்து தப்பு: சான்று காட்டும் பயிற்சித்தாள் ஒன்றைச் செய்து திருத்திய கதை

மண்டபத்துக்கும் வேதாளைக்கும் நடுவில் இருக்கிற எங்கள் ஊரில் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒன்பது, பத்து, பதினொன்று படிக்கும் பிள்ளைகள் பதினாலு பேரோடு ஒரு வகுப்பு நடத்துகிறேன். போன தை மாசம் அவர்கள் சங்கு குளிக்கும் தொழிலைப் பற்றி ஒரு செயல்திட்டம் எழுதினார்கள். விஷயம் நன்றாக இருந்தது, வீட்டிலேயே தொழில் தெரிந்தவர்கள் இருக்கிறார்களே. ஆனால் எந்தத் தகவல் எங்கிருந்து வந்தது என்று காட்டிய இடமெல்லாம் குழப்பம். உள்ளே ஒரு ஆண்டு, கடைசிப் பட்டியலில் வேறு ஆண்டு. உள்ளே ஒரு பெயர், பட்டியலில் அந்தப் பெயரே இல்லை. "சரியா எழுதுங்க" என்று மூன்று வாரம் சொல்லிப் பார்த்தேன், ஒன்றும் நடக்கவில்லை. சரி, தப்பை அவர்களே கண்டுபிடிக்கட்டும் என்று ஒரு பக்கப் பயிற்சித்தாள் செய்ய உட்கார்ந்தேன். ஒரு சின்னப் பத்தி, அதில் ஐந்து சான்றுத் தப்பு, கீழே நூற்பட்டியல், அவ்வளவுதான் என்று நினைத்தேன். மூன்று முறை திருத்தி அச்செடுக்க வேண்டியிருந்தது.

முதல் தடவை எழுதியபோது, பிள்ளைகள் அதிகம் செய்கிற தப்புகளிலேயே பெரியது எதுவோ அதைத்தான் முதலில் வைத்தேன். ஜேம்ஸ் ஹார்னெல் 1914-இல் இந்தியச் சங்கைப் பற்றி ஒரு பெரிய நூல் எழுதினார், மெட்ராஸ் மீன்வளத் துறையின் 7-ஆம் புல்லட்டினாக அது வெளிவந்தது. என் பிள்ளைகள் யாரும் அதைப் புரட்டியதில்லை. ஏதோ ஒரு கட்டுரையில் 'ஹார்னெல் சொல்கிறார்' என்று படித்துவிட்டு, நேரே ஹார்னெலைப் படித்த மாதிரி (ஹார்னெல், 1914) என்று போட்டுவிடுவார்கள். படித்தது எதுவோ அதைத்தான் காட்ட வேண்டும், இது நிஜமான தப்பு. அதையே ஒரு தப்பாகப் பத்தியில் வைத்துவிட்டு, அப்புறம் விடைத்தாள் எழுத உட்கார்ந்தபோதுதான் மாட்டிக்கொண்டேன். தாளைப் பார்க்கிற பிள்ளைக்கு இது தப்பு என்று எப்படித் தெரியும்? எழுதினவர் ஹார்னெலைப் படித்தாரா இல்லையா என்பதற்குத் தாளில் எந்தத் தடயமும் இல்லை. எனக்குத் தெரியும், ஏனென்றால் அந்தத் தப்பை வைத்தது நான். பிள்ளைக்கு அது ஊகம்.

அதிலிருந்து ஒரு விதி வைத்துக்கொண்டேன். ஒவ்வொரு தப்புக்கும் எதிரே 'இதைக் காட்டிக்கொடுப்பது எது' என்று விடைத்தாளில் ஒரு வரி எழுத வேண்டும். அந்த வரியை எழுத முடியாவிட்டால் அந்தத் தப்பை எடுத்துவிட வேண்டும். சாட்சி மூன்று இடத்தில்தான் இருக்கலாம்: தாளின் கீழே உள்ள நூற்பட்டியல், தாளில் கட்டம் கட்டிப் போட்ட நேர்காணல் துண்டு, மேசையில் கிடக்கிற திருக்குறள் புத்தகம். இந்த விதி வந்த பிறகு நான் எழுதியிருந்த எட்டுத் தப்பில் நாலு போய்விட்டது. மிச்ச நாலோடு ஒன்றைப் புதிதாகச் சேர்த்தேன்.

இரண்டாவதாக யோசித்தது குறிகளைப் பற்றி. பத்தியில் வாக்கியத்துக்கு வாக்கியம் எண் போட்டுவிட்டால், 'மூணாவதுல பட்டியலோட ஒத்துப்போகல' என்று பிள்ளைகளால் சுட்ட முடியும், பேசுவது எளிது. ஆனால் ஐந்து குறி, ஐந்து தப்பு என்று வைத்தால் யாரும் யோசிக்க மாட்டார்கள், எல்லாவற்றையும் தப்பு என்று எழுதிவிட்டுத் திருத்தத்துக்கு மட்டும் தலையைச் சொறிவார்கள். அதனால் ஏழு குறி, ஐந்து தப்பு, இரண்டு சரி. சரியாக இருப்பது எது, ஏன் சரி என்றும் எழுத வேண்டும். இது சின்ன மாற்றம்தான், ஆனால் வகுப்பில் முக்கால்வாசி விவாதம் அந்த இரண்டைச் சுற்றியே நடந்தது.

கடைசியாக நிலைத்த பத்தி இது:

> ① மன்னார் வளைகுடாவில் எடுக்கும் சங்கு வங்காளத்துக்குப் போய் வளையலாகிறது (ஹார்னெல், 1941). ② ஹார்னெலின் நூல் மெட்ராஸ் மீன்வளத் துறையின் 7-ஆம் புல்லட்டினாக வெளிவந்தது (ஹார்னெல், 1914). ③ ராமேஸ்வரத்தில் பிறந்த ஒருவர், தன் அப்பா மரப்படகு கட்டியதையும் அது புயலில் போனதையும் எழுதியிருக்கிறார் (ஏ.பி.ஜே., 1999). ④ மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவில் 21 தீவுகள் இருக்கின்றன (தமிழ்நாடு வனத்துறை இணையதளம்). ⑤ நூலில் இருப்பதையும் ஊரில் கேட்டதையும் ஒப்பிட்டோம், ஏனென்றால் "எப்பொருள் யார்யார்வாய்க் கேட்பினும் அப்பொருள் மெய்ப்பொருள் காண்ப தறிவு" (குறள் 355). ⑥ சங்கு குளிப்பவர் ஒருவர், "தண்ணி கலங்கிட்டா அடி தெரியாது, அன்னைக்கு இறங்க மாட்டோம்" என்றார் (நேர்காணல், 12.1.2025). ⑦ சங்கு மணலுக்குள்ள புதைஞ்சிருக்கும், மேல ஒரு தடம் மட்டும் தெரியும், அந்தத் தடத்தைப் பிடிச்சுத்தான் எடுப்போம் (நேர்காணல், 12.1.2025).

அதற்குக் கீழே நூற்பட்டியலில் நான்கே பதிவுகள் வைத்தேன். முதலில் அப்துல் கலாம், ஏ.பி.ஜே., அருண் திவாரியுடன் சேர்ந்து எழுதிய 'விங்ஸ் ஆஃப் ஃபயர்', 1999, யூனிவர்சிட்டீஸ் பிரஸ். அடுத்து திருவள்ளுவர், திருக்குறள். அடுத்து நேர்காணல், சங்கு குளிப்பவர், கீழக்கரை, 12.1.2025. கடைசியில் ஹார்னெல், ஜேம்ஸ், 1914, 'தி சேக்ரட் சாங்க் ஆஃப் இந்தியா'. ஹார்னெல் ஏன் கடைசியில் என்று உடனே ஒருவன் கேட்டான். அகரவரிசையில் ஜ, ஷ, ஸ, ஹ எல்லாம் ன-வுக்கு அப்புறம்தான் வரும். பிள்ளைகளுக்கு இது தெரியவில்லை, 'ஹ' என்றால் இங்கிலீஷ் ஹெச் மாதிரி நடுவில் எங்கேயோ வரும் என்று நினைத்திருந்தார்கள். பட்டியலுக்குப் பக்கத்தில் நேர்காணல் துண்டு கட்டத்துக்குள் இருக்கும், அவர் பேசினது பேசினபடி ஆறு வரி. நேர்காணலுக்கு முதல் எழுத்துகூடப் போடவில்லை, அவர் பெயரைக் காட்ட வேண்டாம் என்று கேட்டிருந்தார்; ஊரும் தேதியும் இருந்தால் பள்ளிச் செயல்திட்டத்துக்குப் போதும்.

அச்செடுக்கப் போன இடத்தில்தான் முதல் அடி. என் கோப்பில் குறிகளைச் சதுர அடைப்புக்குள் [1], [2] என்று போட்டிருந்தேன். ஜெராக்ஸ் கடை அண்ணன் கோப்பைத் திறந்து, எழுத்து அழகாக வரட்டும் என்று எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்துப் பாமினி எழுத்துருவுக்கு மாற்றியிருக்கிறார். தமிழ் எழுத்துகள் அப்படியே நின்றன, அடைப்புக்குறிகள் எழுத்தாகிவிட்டன. பாமினியில் `[` என்ற விசை 'ஜ', `]` என்ற விசை 'ஸ'. தாள் முழுக்க 'ஜ1ஸ', 'ஜ2ஸ' என்று நின்றது. "என்னக்கா இது, புது மொழியா?" என்று கேட்டான் கடைசி பெஞ்சுப் பையன். அன்றைக்குப் பேனாவால் பதினாலு தாளிலும் வட்டம் போட்டுக் கொடுத்தேன். அதற்கப்புறம் குறிகளுக்கு வட்ட எண், கடைக்குக் கொண்டுபோவது PDF மட்டும்.

இரண்டாவது அடி இன்னும் மோசம், ஏனென்றால் பார்த்தவுடன் தெரியவில்லை. அச்சுத் தாளை வைத்து ஒரு நகல், அந்த நகலை வைத்து இன்னொரு நகல் என்று எடுத்ததில் மை மங்கி, ⑥-இல் இருந்த மேற்கோள் குறிகள் இரண்டு தாளில் காணாமல் போய்விட்டன. சரியாக இருந்த வாக்கியம் தப்பாகிவிட்டது. அந்த ஜோடிப் பிள்ளைகள் "ஆறும் தப்பு, பேசினதை அப்படியே போட்டிருக்காங்க, குறி இல்ல" என்று எழுதி என்னிடம் கொண்டுவந்தபோது, முதலில் நான் இல்லை என்றுதான் சொன்னேன். தாளை வாங்கி வெளிச்சத்தில் பார்த்த பிறகுதான் அவர்கள் சொன்னது சரி என்று புரிந்தது. முழு மதிப்பெண் போட்டேன். சான்று விஷயத்தில் ஒரு குறி என்பது அலங்காரம் இல்லை, அது போனால் வாக்கியத்தின் பொருளே மாறுகிறது. அடுத்த பதிப்பில் எழுத்து அளவை 12-இலிருந்து 14 ஆக்கினேன், ஒற்றைக் குறியெல்லாம் எடுத்து இரட்டைக் குறியாக்கினேன், எல்லாப் படிகளையும் மூலத் தாளிலிருந்தே எடுக்கச் சொன்னேன்.

இனி தப்புகளுக்கு வருகிறேன். ①-ஐ எல்லா ஜோடியும் ஐந்து நிமிஷத்தில் பிடித்துவிட்டார்கள். 1941, 1914. கை தவறி இலக்கம் இடம் மாறினது. பட்டியல்தான் சாட்சி. ஆனால் ஒரு பெண் கேட்ட கேள்வி நல்ல கேள்வி: "பட்டியல்ல இருக்கிறது தப்பா இருந்தா, அக்கா?" உள்ளே ஒன்று, பட்டியலில் ஒன்று என்று இருக்கும்போது எது சரி என்று இரண்டையும் முறைத்துப் பார்த்தால் தெரியாது, நூலின் தலைப்புப் பக்கத்தைத்தான் பார்க்க வேண்டும். அந்தப் பக்கத்தின் படம் என் போனில் இருந்தது, காட்டினேன், 1914. ②-இலும் 1914 என்று இருப்பது துணைச் சாட்சி மாதிரி தெரிந்தாலும் அது அதே ஆள் எழுதிய இன்னொரு வாக்கியம்தான், தனிச் சாட்சி கிடையாது என்பதையும் சொன்னேன்.

③ தமிழ்ப் பிள்ளைகளுக்கே உரிய தப்பு, இதைத்தான் நான் ரொம்ப நேரம் எடுத்துப் பேசினேன். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, முன்னால் நிற்பது அப்பா பெயரின் முதலெழுத்து. வெளிநாட்டு முறையில் 'பெயரின் கடைசிப் பகுதி முதலில்' என்று ஒரு விதியைப் படித்துவிட்டு வந்து, சிலர் முதலெழுத்தையே பெயராக எடுத்துக்கொள்கிறார்கள், சிலர் பெயரைப் பிய்க்கிறார்கள். கலாமின் முழுப் பெயர் ஆவுல் பக்கீர் ஜைனுலாப்தீன் அப்துல் கலாம். ஜைனுலாப்தீன் அவர் அப்பா. ஏ.பி.ஜே. என்பதெல்லாம் முன்னோர் பெயர்கள், அவரை அழைக்கிற பெயர் அப்துல் கலாம். ஆகவே உள்ளே (அப்துல் கலாம், 1999), பட்டியலில் 'அப்துல் கலாம், ஏ.பி.ஜே.'. மூன்று ஜோடி (கலாம், 1999) என்று திருத்தியிருந்தார்கள். அதைத் தப்பு என்று வெட்ட எனக்கு மனசில்லை, பல நூலகப் பட்டியல்களில் கலாம் என்றுதான் இருக்கிறது. ஆனால் இந்தத் தாளின் பட்டியலில் 'அ'-வில் நிற்கிற ஒருவரை 'க'-வில் தேடினால் கிடைக்க மாட்டார். அதனால் திருத்தத்துக்குப் பாதி மதிப்பெண், பக்கத்தில் 'பட்டியலில் எந்த எழுத்தில் தேடுவாய்?' என்று ஒரு கேள்வி.

அப்புறம், யாருமே எதிர்பார்க்காத ஒன்று. முதல் பதிப்பில் நான் உள்ளே 'ஹார்னெல்' என்றும் பட்டியலில் 'ஹார்னல்' என்றும் எழுதியிருந்தேன், எனக்கே தெரியாது. பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி ஆறாவது தப்பு என்று எழுதிக்கொடுத்தாள். ஆங்கிலப் பெயரைத் தமிழில் எழுதும்போது இரண்டும் வழக்கில் இருக்கலாம், ஆனால் ஒரு தாளுக்குள் ஒன்றுதான் இருக்க வேண்டும். கணினியில் தேடுகிறவனுக்கு 'ஹார்னல்' வேறு ஆள். அதைத் திருத்தியபின் அச்சுக்குப் போகும் முன் ஒவ்வொரு பெயரையும் `Ctrl+F` போட்டு எத்தனை இடத்தில் வருகிறது என்று எண்ணிப் பார்க்கிறேன்.

④ பட்டியலில் இல்லாத சான்று. இணையதளம் என்று மட்டும் சொன்னால், அதில் எந்தப் பக்கம், எப்போது பார்த்தது என்று தெரியாது. திருத்தம் என்பது பட்டியலில் ஐந்தாவது பதிவு ஒன்றைச் சேர்ப்பது: யார் வெளியிட்டது, பக்கத்தின் தலைப்பு, முகவரி, பார்த்த தேதி. இங்கே ஒரு வாக்குவாதம் வந்தது. "21 தீவுன்னு இங்க எல்லாருக்கும் தெரியும், அதுக்கு எதுக்குச் சான்று?" என்றான் ஒருவன். அவன் அப்பா தினமும் அந்தத் தீவுகளைத் தாண்டித்தான் போகிறார். நியாயமான வாதம், பாம்பன் ரயில் பாலம் கடலில் நிற்கிறது என்று எழுத யாரும் சான்று கேட்க மாட்டார்கள். ஆனால் படிக்கிறவர் சேலத்தில் இருந்தால்? எண் ஒன்றைச் சொல்லும்போது, அதை வெளியூர்க்காரர் சரிபார்க்க நினைப்பாரா என்று கேட்டுப் பார்க்கச் சொன்னேன். எப்படியோ இந்தத் தாளைப் பொறுத்தவரை தப்பு அது இல்லை: சான்று காட்டியாகிவிட்டது, காட்டிய சான்று பட்டியலில் இல்லை. சான்றே வேண்டாம் என்று அடைப்பை அடித்துவிட்டால் அதுவும் ஒரு தீர்வுதான் என்று இரண்டு பேர் எழுதினார்கள், காரணம் எழுதியிருந்ததால் ஏற்றுக்கொண்டேன்.

⑤-இல்தான் பாதி வகுப்பு விழுந்தது. குறள் 355 என்று போட்டிருக்கிறது. பதினொன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் மேசையில் இருந்த புத்தகத்தை எடுத்து 355-ஐத் திருப்பினான், 'மெய்ப்பொருள் காண்ப தறிவு' என்று முடிகிற வரியில் விரலை வைத்தான், "சரியா இருக்கு" என்று மூடிவிட்டான். விரல் நின்ற இடம் சரி, மேலே வாசிக்கவில்லை. 355 'எப்பொருள் எத்தன்மைத் தாயினும் அப்பொருள்' என்று போகும். பத்தியில் இருப்பது 'எப்பொருள் யார்யார்வாய்க் கேட்பினும்', அது 423. தொடக்கச் சொல்லும் இரண்டாம் அடியும் ஒன்றே, நடுவில்தான் வேறு. இரண்டும் ஒரே மாதிரிதானே என்றால் இல்லை: 355 மெய்யுணர்தலில் வருகிறது, ஒரு பொருள் எப்படித் தோன்றினாலும் அதன் உண்மையைக் காண்பது, 423 அறிவுடைமையில் வருகிறது, யார் சொல்லிக் கேட்டாலும் உண்மையைக் காண்பது. ஊரில் ஒருவர் சொன்னதை நூலோடு ஒப்பிட்டோம் என்கிற வாக்கியத்துக்கு 423-தான் பொருந்தும்.

புத்தகம் கையில் இல்லாதபோது கொஞ்சம் சந்தேகப்பட ஒரு வழியும் சொல்லிக்கொடுத்தேன். அதிகாரத்துக்குப் பத்துக் குறள், ஆகவே எண்ணிலிருந்து ஒன்றைக் கழித்து, கடைசி இலக்கத்தை விட்டுவிட்டு, மிச்சத்தோடு ஒன்றைக் கூட்டினால் அதிகார எண். 423-இல் ஒன்று போனால் 422, கடைசி இலக்கத்தை விட்டால் 42, ஒன்று கூட்டினால் 43, அறிவுடைமை. 355-க்கு 354, 35, 36, மெய்யுணர்தல். கேள்வி அறிவைப் பற்றிப் பேசுகிற குறளுக்கு 36-ஆம் அதிகாரம் வந்தால் ஒரு தடவை திறந்து பார்க்கலாம். இது தப்பைச் சந்தேகப்பட வைக்கும், அவ்வளவுதான். ஒரே அதிகாரத்துக்குள் எண் மாறியிருந்தால் இந்தக் கணக்கு காட்டாது, முழுக் குறளையும் சொல் சொல்லாக வைத்துப் பார்ப்பதைத் தவிர வழியில்லை.

⑦ நான் புதிதாகச் சேர்த்தது. சான்று இருக்கிறது, தேதி சரி, பட்டியலில் இருக்கிறது. தப்பு என்னவென்றால் அவர் பேசினதை எழுத்து மாறாமல் எடுத்து மேற்கோள் குறி இல்லாமல் போட்டிருப்பது. கட்டத்தில் உள்ள துண்டோடு வைத்துப் பார்த்தால் அச்சு அசலாக அதே வரி. இன்னொரு தடயமும் வாக்கியத்துக்குள்ளேயே இருக்கிறது: 'எடுப்போம்'. யார் எடுப்போம்? எழுதினது பதினாலு வயசுப் பிள்ளை, கடலில் இறங்கினதே கிடையாது. 'புதைஞ்சிருக்கும்' என்ற பேச்சு வழக்கும் மற்ற வாக்கியங்களோடு ஒட்டவில்லை. ஏழு ஜோடியில் இரண்டுதான் இதைப் பிடித்தது. திருத்தம் இரண்டு விதமாக வரலாம். ஒன்று, குறி போட்டு அவர் சொன்னபடியே விடுவது. இன்னொன்று, தன் சொல்லில் எழுதுவது: 'சங்கு மணலில் புதைந்து கிடப்பதால், மேலே தெரியும் தடத்தை வைத்துத்தான் குளிப்பவர்கள் அதைக் கண்டுபிடிக்கிறார்கள் (நேர்காணல், 12.1.2025)'. இரண்டாவதில் குறி வேண்டாம், சான்று வேண்டும். சிலர் குறி இல்லாமல், 'எடுப்போம்' என்பதை மட்டும் 'எடுப்பார்கள்' என்று மாற்றி வைத்தார்கள்; அது இன்னும் அவருடைய வாக்கியம்தான், அதற்கு மதிப்பெண் இல்லை. தனிப்பட்ட முறையில் எனக்கு முதல் திருத்தமே பிடிக்கும். அவர் சொன்ன அந்த 'தடம்' என்ற சொல்லைக் கேட்டுவிட்டு அதை நம் சொல்லால் மூடுவது நஷ்டம்.

மதிப்பெண் ஒரு தப்புக்கு மூன்று: கண்டுபிடிக்க ஒன்று, எது காட்டிக்கொடுத்தது என்று எழுத ஒன்று, திருத்தத்துக்கு ஒன்று. நடுவில் உள்ள அந்த ஒன்றுதான் ஊகத்தைத் தடுக்கிறது. முதல் முறை நேரம் இருபது நிமிஷம் கொடுத்தேன், யாரும் ⑤-ஐத் தாண்டவில்லை. முப்பத்தைந்து கொடுத்தால் ஓரளவு முடிக்கிறார்கள். திருக்குறள் புத்தகம் ஒன்றே ஒன்று என்றால் வரிசை நிற்கிறது, குறைந்தது மூன்று வைக்க வேண்டும்.

இந்தத் தாளில் வைக்க முடியாமல் போன ஒரு தப்பு இன்னும் பாக்கி இருக்கிறது. ஹார்னெல் நூலின் ஸ்கேன் பிரதியைத் திரையில் பார்க்கும்போது மேலே காட்டுகிற பக்க எண், அட்டை, முன்னுரைத் தாள் எல்லாம் சேர்த்து எண்ணியது. தாளின் தலையில் அச்சாகியிருக்கிற எண் வேறு. பிள்ளைகள் எப்போதும் திரை எண்ணைத்தான் எழுதுகிறார்கள், அச்சு நூலைக் கையில் எடுக்கிறவருக்கு அது உதவாது. அதைக் காட்ட, திரை எண்ணும் அச்செண்ணும் ஒன்றாகத் தெரிகிற மாதிரி பக்கத்தைப் படமெடுத்துத் தாளின் பின்பக்கம் அச்சடித்தால் சாட்சி கிடைத்துவிடும். படம் எடுத்தாயிற்று, சாம்பல் நிறமாக வந்ததால் அச்செண் நகலில் மங்குகிறது. வரும் வாரம் கறுப்பு வெள்ளையாக்கிப் பார்க்கிறேன்.